இன்வெர்ட்டர் பேட்டரி மக்கர் செய்தால்: தண்ணீரும் கிராவிட்டியும் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

இன்வெர்ட்டர் முன்ன மாதிரி நிற்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால் நான் கேட்கிற முதல் கேள்வி, ஆறு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, எவ்வளவு என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. "மல்டிமீட்டரில் 12.4 காட்டுது, நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், இல்லையென்றால் "கடைக்காரர் பேட்டரி போச்சுன்னு சொல்லிட்டார்" என்பார்கள். இந்த இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பேட்டரிக்குள் செல் எனப்படும் ஆறு தனித்தனி அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித் தண்ணீர், தனி ஆசிட். ஆறு எண்களையும் வரிசையாகத் தாளில் எழுதிப் பார்த்தால், ஆறும் சேர்ந்து இறங்கியிருக்கிறதா, ஒன்று மட்டும் இறங்கியிருக்கிறதா என்பதிலேயே பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

இங்கே சொல்வதெல்லாம் நம் வீடுகளில் அதிகம் இருக்கிற 12 வோல்ட், 150 ஏஹெச் உயரமான டியூபுலர் பேட்டரிக்கு. மேலே ஆறு மூடி, ஒவ்வொரு மூடியிலும் தண்ணீர் அளவு காட்டும் மிதவை இருக்குமே, அதுதான். மூடியே திறக்க முடியாத சீல் வைத்த பேட்டரிக்கும் லித்தியம் பேட்டரிக்கும் இது எதுவும் பொருந்தாது.

## முதலில்: இப்படி இருந்தால் கையே வைக்காதீர்கள்

அழுகிய முட்டை வீச்சம் அடிக்கிறது, பேட்டரியின் பக்கவாட்டு வயிறு உப்பியிருக்கிறது, உடம்பில் கை வைக்க முடியாத சூடு, மூடி வழியாகப் புகை மாதிரி வருகிறது. இதில் ஒன்று இருந்தாலும் திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து சார்ஜ் ஏறுவதை நிறுத்துங்கள், இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணையுங்கள், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டெர்மினலைக் கழற்றப் போகாதீர்கள். கழற்றும்போது வருகிற ஒரு பொறி போதும், உள்ளே சேர்ந்திருக்கிற ஹைட்ரஜன் பற்றிக்கொள்ளும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் கீழே போகலாம்.

## என்னென்ன வேண்டும்

கிராவிட்டி அளக்கும் ஹைட்ரோமீட்டர், மல்டிமீட்டர், டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேன், பிளாஸ்டிக் புனல், டார்ச், ரப்பர் கையுறை, கண்ணாடி. ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு பாக்கெட் சமையல் சோடாவும் பக்கத்தில் இருக்கட்டும். ஆசிட் தெறித்தால் தோலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், தரையில் சிந்தினால் சோடா தூவ வேண்டும். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேலை செய்யாதீர்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, அடுத்த துவையலில் சல்லடையாக வரும். மோதிரம், வளையல், செயினைக் கழற்றி வைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு லைட்டர், மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் எல்லோரும் சிக்கனம் பிடிக்கிறார்கள். ஆர்ஓ தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர், பேட்டரிக்கு இல்லை. அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியில் சொட்டும் தண்ணீர் சுத்தமானது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது, அது செம்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் அவற்றில் படிந்த தூசியையும் தொட்டுக்கொண்டு வருகிறது, அதுவும் வேண்டாம். கடையில் வாங்கும் கேன் மீதே சந்தேகம் இருந்தால் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டு இலக்கத்தில் எண் காட்டினால் அது டிஸ்டில்டு வாட்டர் இல்லை.

## ரீடிங் எடுக்கும் முறை

இதைக் கவனமாகச் செய்யவில்லை என்றால் மேற்கொண்டு படிப்பதில் பயனில்லை, தப்பான எண்ணை வைத்துக்கொண்டு நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடும்படி ஆகிவிடும்.

முதல் நாள் முழுக்க கரண்ட் இருந்து பேட்டரி முழு சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். இன்வெர்ட்டரையும் மெயினையும் அணைத்து, மூடிகளைத் திறந்து, ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா விடுங்கள். சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே எடுத்தால் ஆசிட்டில் நுண்குமிழ்கள் இருக்கும், எண் தப்பாக வரும். தண்ணீர் ஊற்றிய கையோடும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கும், ஹைட்ரோமீட்டர் உறிஞ்சுவதும் அந்த மேல் தண்ணீரைத்தான். 1240 இருக்க வேண்டிய செல் 1150 காட்டும், வீட்டில் பதற்றம் ஆரம்பிக்கும். ஆகவே வரிசை இதுதான்: முதலில் ரீடிங், அப்புறம் தண்ணீர். தண்ணீர் ஊற்றிய பிறகு இன்னொரு ரீடிங் வேண்டுமென்றால் ஒரு முழு சார்ஜ் ஏறி உள்ளே குமிழ் விட்டுக் கலந்த பிறகு, அதாவது அடுத்த நாள்.

தண்ணீர் மட்டம் தாழ்ந்து குழாயை விட்டாலும் ஆசிட் வரவில்லை என்றால் ரீடிங்கை மறந்துவிடுங்கள். தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, முழு சார்ஜ் ஏற்றி, பிறகு மேல் கோடு வரை நிரப்பி, மறுநாள் எடுங்கள்.

ஹைட்ரோமீட்டரின் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டு செல்லுக்குள் விட்டு மெதுவாக விடுங்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி மிதவை அடியிலும் படாமல், மேலேயும் முட்டாமல், பக்கவாட்டில் ஒட்டாமல் தனியாக மிதக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் லேசாகத் தட்டுங்கள். கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து எண்ணைப் படியுங்கள். உறிஞ்சியதை எடுத்த செல்லிலேயே திரும்ப விட வேண்டும், பக்கத்து செல்லில் விட்டால் இரண்டின் கணக்கும் கெட்டுவிடும். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்துச் செல்லை ஒன்று என்று வைத்துக்கொண்டு ஆறு வரை எழுதுங்கள், தேதியும் போடுங்கள்.

மிதவையில் பச்சை, வெள்ளை, சிவப்புப் பட்டைகள் இருக்கும். அந்த நிறங்கள் பெரும்பாலும் கார் பேட்டரிக்குப் போட்டவை, நம்மூர் டியூபுலருக்கு நம்ப வேண்டாம். முழு சார்ஜில் டியூபுலரின் கிராவிட்டி 27 டிகிரியில் 1.240 வாக்கில் இருக்கும், தொழிலில் இதை 1240 என்றே சொல்வார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். உங்கள் பேட்டரிக்குச் சரியான எண் வாரண்டி அட்டையில் இருக்கும், அதில் ஐந்து பத்து முன்னே பின்னே இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். சூடு கூடினால் ஆசிட் இளகி எண் இறங்கும், 10 டிகிரிக்கு 7 புள்ளி கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் மாடிப்படிக்கு அடியில் ஆசிட் 35 டிகிரியில் இருந்தால் ரீடிங்கோடு ஐந்து ஆறு புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். 1235 காட்டினால் உண்மையில் அது 1240, கவலை வேண்டாம்.

## அறிகுறி 1: எல்லா மிதவைகளும் சீக்கிரமே இறங்கிவிடுகின்றன

சாதாரண வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் கேட்டால் அது இயல்பு. வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் சீக்கிரம் கேட்கும். மாதம் முடிவதற்குள் ஆறும் சிவப்புக்கு இறங்கினால்தான் கோளாறு.

*மிதவையே பொய் சொல்கிறதா?* மிதவைத் தண்டு மூடியில் சிக்கிக்கொள்வது உண்டு. மூடியைத் திறந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தகடுகள் நன்றாக மூழ்கியிருந்தால் மிதவையைக் கழுவி மாட்டினால் போதும்.

*பேட்டரி வகை சுவிட்ச்.* இன்வெர்ட்டரின் பின்பக்கம் அல்லது மெனுவில் டியூபுலர், பிளாட், சீல்டு என்று தேர்வு இருக்கும். யாராவது துடைக்கும்போது தள்ளிவிட்டிருக்கலாம். அதோடு சார்ஜ் அதிகம், சார்ஜ் குறைவு என்று இன்னொரு சுவிட்சும் சில மாடல்களில் உண்டு, தினமும் கரண்ட் போகாத வீட்டில் அதை அதிகத்தில் வைக்கத் தேவை இல்லை.

*சூடு.* மொட்டை மாடி ஷெட், மேற்கு பார்த்த பால்கனி, காற்றுப் புகாத லாஃப்ட், இதெல்லாம் பேட்டரிக்கு ஆகாத இடங்கள். இடம் மாற்ற முடியும் என்றால் மாற்றுங்கள். 50 கிலோவுக்கு மேல் இருக்கும், ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள்.

*சார்ஜ் வோல்டேஜ்.* மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, மெயின் ஆனில் இருக்கும்போது பேட்டரி டெர்மினலில் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது 14.4 வாக்கில் போகலாம், முழுசாக ஏறிய பிறகு 13.5 முதல் 13.8 வரை இறங்கி நிற்க வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். காலையில் பார்த்தபோதும் 14.5, இரவு படுக்கப் போகும்போதும் 14.5 என்றால் சார்ஜர் இறங்கவே இல்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டே இருக்கிறது. 15-ஐத் தாண்டினால் மெயினை அணைத்துவிடுங்கள். இது இன்வெர்ட்டர் போர்டு வேலை, பேட்டரிக் கடைக்குப் போகாமல் இன்வெர்ட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். இந்த நிலையில் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினால் அதையும் அதே சார்ஜர் தின்றுவிடும்.

## அறிகுறி 2: தண்ணீர் குறைவதில் ஒரு செல் மட்டும் தனிப்போக்கு

இதில் இரண்டு வகை, எதிரெதிரானவை, குழப்பிக்கொள்ளக் கூடாது.

*ஒன்றில் மட்டும் வேகமாகக் குறைகிறது.* ஒழுகலைத் தேடுங்கள். பேட்டரியின் அந்தப் பக்க உடம்பு, டிராலி, தரை எல்லாவற்றையும் பாருங்கள். டிராலியின் ஒரு மூலை மட்டும் துருப்பிடித்திருந்தால், டைல்ஸ் வெளுத்திருந்தால், அங்கேதான் விரிசல். இன்வெர்ட்டரை இடம் மாற்றியபோது தரையில் பட்டென்று வைத்ததில் வந்திருக்கும். எம்சீல் வைத்து ஒட்டுவது நிற்காது. பேட்டரிக் கடைதான். ஒழுகலே இல்லையென்றால் போன முறை அந்த செல்லுக்கு மட்டும் தண்ணீர் குறைவாக ஊற்றியிருப்பார்கள், இதுதான் அதிகம் நடப்பது.

*ஐந்திலும் குறைகிறது, ஒன்றில் மட்டும் குறையவே இல்லை.* பார்க்க நல்ல செல் மாதிரி தெரியும். கிராவிட்டி எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த ஒன்றுதான் தரைமட்டத்தில் இருக்கும். உள்ளே ஷார்ட் ஆன செல் சார்ஜை ஏற்றுக்கொள்ளாது, குமிழும் விடாது, அதனால் தண்ணீரும் குறையாது. அதன் பங்கு வோல்டேஜையும் சேர்த்து மற்ற ஐந்தும் வாங்கிக்கொண்டு சூடாகிக் கொதிக்கும். கிராவிட்டி 1100 பக்கம், சும்மா இருக்கும்போதே மொத்த வோல்டேஜ் 10.5 வாக்கில் என்றால் சந்தேகமே இல்லை. சார்ஜை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். இப்படியே ஓட்டினால் மற்ற ஐந்தும் கெடும், முன்னே சொன்ன முட்டை வீச்சமும் இங்கிருந்துதான் கிளம்பும்.

## அறிகுறி 3: ஆறு எண்ணும் ஒரே மாதிரி குறைவு, 1180, 1190 என்று

ஆறும் ஒன்றாக இறங்கியிருப்பது ஒரு வகையில் நல்ல செய்தி. உள்ளே எதுவும் உடையவில்லை. எளிய காரணத்திலிருந்து போகலாம்.

*முழு சார்ஜ் ஆகவே இல்லை.* மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தி மதியம் கொடுக்கிறார்கள், நீங்கள் சாயங்காலம் ரீடிங் எடுக்கிறீர்கள். 100 ஏஹெச் வரை செலவாகியிருந்தால் 12 ஆம்பியரில் அது திரும்ப ஏற பத்து மணி நேரமாவது ஆகும். மறுநாள் எடுங்கள்.

*ஆசிட் அடியில் தங்கிவிட்டது.* 2012 மின்வெட்டுக் காலத்தில் பேட்டரி தினமும் காலியாகி தினமும் நிறையும், உள்ளே குமிழ் கிளம்பி ஆசிட் கலந்துகொண்டே இருக்கும். இப்போது மாதம் ஒருமுறைதான் வேலை, மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கிறது. உயரமான பேட்டரியில் கனமான ஆசிட் அடியில் இறங்கும், நாம் உறிஞ்சுவது மேலே இருக்கும் நீர்த்த பகுதியை. வீட்டிலேயே சரிசெய்யலாம். கரண்ட் இருக்கும்போதே மெயினை அணைத்து, இரண்டு மூன்று ஃபேனும் லைட்டும் ஓட விட்டு இரண்டு மணி நேரம் பேட்டரியைச் செலவழித்து, அப்புறம் முழு சார்ஜ் ஏற்றுங்கள். இதை அடுத்தடுத்த நாட்களில் இரண்டு மூன்று முறை செய்துவிட்டு ரீடிங் எடுத்தால் எண் ஏறியிருக்கும். ஏறினால் பேட்டரிக்கு ஒன்றுமில்லை, மாதம் ஒருமுறை இப்படி ஓட விடுங்கள்.

*சார்ஜே போதவில்லை.* கோடையில் மாலை நேரம் லைன் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் சில இன்வெர்ட்டர்கள் மெயினை ஏற்காமல் பேட்டரிக்கு மாறிக்கொண்டே இருக்கும். யுபிஎஸ் மோடில் வைத்திருந்தால் இது இன்னும் அதிகம், சாதாரண மோடுக்கு மாற்றிப் பாருங்கள்.

*தண்ணீர் தளும்பத் தளும்ப ஊற்றியது.* பச்சைக் கோட்டுக்கு மேல் ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் விரிந்து மூடி வழியே வழியும். வழிந்தது ஆசிட், அடுத்த முறை ஊற்றுவது வெறும் தண்ணீர். இப்படி ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நீர்த்துப்போகும். பேட்டரியின் மேல்தட்டு எப்போதும் ஈரமாக, வெள்ளைத் தூளோடு இருந்தால் இதுதான். ஆசிட் சேர்த்துச் சரிக்கட்டுவது கடையில், முழு சார்ஜ் ஏற்றி அளந்த பிறகு செய்கிற வேலை. நீங்கள் செய்யாதீர்கள்.

*தகட்டில் சல்ஃபேட் உப்பு படிந்து பிடித்துவிட்டது.* மாதக்கணக்கில் அரை சார்ஜிலேயே கிடந்த பேட்டரி, வெளியூர் போய்ப் பூட்டிப்போட்ட வீட்டுப் பேட்டரி, இதற்குத்தான் இது வரும். சார்ஜ் போட்டதும் வோல்டேஜ் சடசடவென்று 14.4-ஐத் தொடும், ஆனால் கிராவிட்டி நகராது. கடையில் பெஞ்ச் சார்ஜரில் வைத்து குறைந்த ஆம்பியரில் ஒன்றிரண்டு நாள் ஏற்றிப் பார்ப்பார்கள். கொஞ்சம் மீளலாம், முழுசாக மீளும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

## அறிகுறி 4: ஐந்து செல் நன்றாக, ஒன்று மட்டும் பின்தங்கியிருக்கிறது

அதிகம் வருவதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். ஒரு வீட்டுப் பேட்டரியின் எண்களையே தருகிறேன். 150 ஏஹெச், வாரண்டி முடிய இன்னும் சில மாதம் இருந்தது. பராமரிப்பு நாளில் ஐந்து மணி நேரம் தாங்கியது இப்போது இரண்டு மணி நேரத்தில் பீப் அடிக்கிறது என்றார்கள். முழு சார்ஜுக்குப் பிறகு எடுத்த ரீடிங், சூட்டுக் கணக்குச் சேர்த்தது:

1230, 1235, 1230, 1170, 1235, 1225.

நாலாவது செல் மற்றவற்றை விட 60 புள்ளி கீழே. இப்போது மல்டிமீட்டர் என்ன காட்டும் என்று பாருங்கள். ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் ஏறக்குறைய கிராவிட்டியோடு 0.84 கூட்டினால் வரும். ஆறையும் கூட்டினால் 12.37 வோல்ட். எல்லா செல்லும் 1240 இருக்கும் பேட்டரிக்கு 12.48. இரண்டுக்கும் பத்தில் ஒரு வோல்ட்தான் வித்தியாசம், அதை வைத்து யாரும் கோளாறு என்று சொல்ல மாட்டார்கள். கடைக்காரர் மீட்டரை வைத்து "வோல்டேஜ் நல்லா இருக்கே" என்று சொன்னது பொய் இல்லை, அவர் செல்லைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செல்களுக்குள் 10, 15 புள்ளி வித்தியாசம் இருக்கலாம். 30-ஐத் தாண்டினால் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

அந்த செல்லின் தண்ணீர் மட்டத்தை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். அதில் மட்டும் கூடுதலாக ஊற்றியிருந்தால் நீர்த்துப்போய் எண் குறைந்திருக்கும், அப்படியென்றால் ஒன்றும் செய்ய வேண்டாம், மட்டம் தானாக இறங்கிய பிறகு பார்க்கலாம். இந்த வீட்டில் ஆறு மட்டமும் சமமாக இருந்தன.

அடுத்து, மேலே சொன்ன அதே ஓட்டம்: இரண்டு மணி நேரம் செலவு, முழு சார்ஜ், திரும்பவும். சார்ஜ் அதிகம் என்ற சுவிட்ச் இருந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் அதில் வையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். பின்தங்கிய செல் மெல்ல மேலே வந்து வித்தியாசம் 30-க்குள் அடங்கினால் அது சோம்பல் செல், பிழைத்துக்கொண்டது, மாதாமாதம் எழுதி வாருங்கள். இங்கே வந்த எண்கள் 1240, 1245, 1240, 1190, 1240, 1235. மற்றவை தேறின, நாலாவது 1190-ல் நின்றுவிட்டது, இன்னொரு சுற்று ஓட்டியும் அசையவில்லை.

கடைசிச் சோதனை லோடு. மெயினை அணைத்து 200 வாட் வாக்கில் லோடு போட்டு, டெர்மினலில் மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டு பாருங்கள். நல்ல பேட்டரி 12 வோல்ட் பக்கம் வந்து நிதானமாக இறங்கும். ஒரு செல் செத்த பேட்டரி கொஞ்ச நேரம் நன்றாக இருந்துவிட்டு, அந்த செல் காலியானதும் ஒரேயடியாக ஒரு வோல்ட்டுக்கு மேல் சரியும். இதுவும் சரிந்தது. செல் மாற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள், பழைய ஐந்தோடு புதுசு ஒத்துப்போகாது, நான் யாரையும் செய்யச் சொன்னதில்லை. இவர்களிடம் தேதி போட்ட ரீடிங் தாள் இருந்ததால் வாரண்டியில் பேச்சு நீளவில்லை. கடையில் அவர்களும் சார்ஜ் போட்டு அதே நாலாவது செல்லைக் கண்டுபிடித்துப் பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள்.

## அறிகுறி 5: ஏதாவது ஒரு செல்லிலோ எல்லாவற்றிலுமோ எண் 1270-க்கு மேல்

தண்ணீர் மட்டம் தாழ்ந்திருக்கிறதா பாருங்கள். தண்ணீர் வற்றினால் ஆசிட் மிஞ்சிக் கெட்டியாகும், மேல் கோடு வரை ஊற்றி ஒரு முழு சார்ஜ் ஏற்றினால் எண் தானாக இறங்கிவிடும். மட்டம் சரியாக இருந்தும் எண் ஏறியிருந்தால் யாரோ தண்ணீருக்குப் பதில் ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள். "பேட்டரிக்கு கொஞ்சம் பவர் கூட்டினேன்" என்பார்கள். கிராவிட்டி எண் பளிச்சென்று இருக்கும், இரண்டு மூன்று நாள் பேக்கப்பும் கூடின மாதிரி இருக்கும், உள்ளே தகடு அரிக்கத் தொடங்கியிருக்கும், வாரண்டியும் போய்விடும். நீங்களாக உறிஞ்சி எடுத்துத் தண்ணீர் ஊற்றிச் சமன் செய்ய முயலாமல் கடையில் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி 6: ஆறும் 1240, ஆனாலும் பேக்கப் இல்லை

*லோடு கூடிவிட்டதா?* பழைய ஃபேன் ஒன்று 75 வாட். இரண்டு ஃபேன், நாலு எல்இடி, ஒரு ரவுட்டர் என்றால் 200 வாட் வாக்கில் வரும், நல்ல பேட்டரி ஐந்து மணி நேரமாவது தாங்கும். இன்வெர்ட்டர் லைனில் யாராவது ஃப்ரிட்ஜையோ மிக்ஸியையோ சொருகியிருந்தால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை.

*டெர்மினல்.* பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். லோடு ஓடும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈய முனையிலும் இன்னொன்றை அதே முனையில் மாட்டியிருக்கும் வயரின் லக்கிலும் வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பு கரண்டைத் தின்கிறது. இன்வெர்ட்டர், மெயின் இரண்டையும் அணைத்து, மூடிகளை மூடி, நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் சோடா கலந்து பிரஷால் தேய்த்து, துடைத்துக் காயவிட்டு, முதலில் பாசிட்டிவையும் கடைசியாக நெகட்டிவையும் இறுக்கி மாட்டி, மேலே வாஸ்லின் தடவுங்கள். சோடாத் தண்ணீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. வாஸ்லினை மாட்டுவதற்கு முன்பே தடவிவிட்டு இறுக்குவதும் தவறு.

*தகடு தேய்ந்துவிட்டது.* ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சும்போது ஆசிட் தெளிவாக வருகிறதா, பழுப்பாகக் கலங்கி வருகிறதா என்று பாருங்கள். கலங்கல் என்றால் பாசிட்டிவ் தகட்டில் சார்ஜைத் தாங்கும் மருந்து உதிர்கிறது. மிச்சம் இருக்கும் மருந்து முழு சார்ஜ் ஆகிவிடுவதால் கிராவிட்டி 1240 என்றே காட்டும், கொள்ளளவுதான் போய்விட்டது. ஐந்தாறு வருடம் உழைத்த பேட்டரி என்றால் இதற்கு மருத்துவம் இல்லை. பழசைப் பேட்டரிக் கடையிலேயே எக்ஸ்சேஞ்சில் கொடுங்கள். காயலான் கடையில் போட்டால் ஆசிட்டைச் சாக்கடையில் கொட்டிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு பேட்டரி வைத்த 24 வோல்ட் இன்வெர்ட்டர் என்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் பன்னிரண்டு செல்லுக்கும் செய்ய வேண்டும், இரண்டு பேட்டரியின் வோல்டேஜையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று மட்டும் செத்திருந்தால் பாதிச் செலவில் முடிக்கத் தோன்றும். இரண்டும் வாங்கி ஒரு வருடத்துக்குள் என்றால் ஒன்றை மட்டும் மாற்றலாம். அதற்கு மேல் பழசானால் சார்ஜ் ஏறும்போது இரண்டும் ஒரே வேகத்தில் நிறையாது, ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பாதியில் நிற்கும், ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.